ஒரு நூல் குறைச்சல்

உக்காருங்க, உக்காருங்க. எனக்கு எடம் போதும். கழுத்துங்களா உங்களுக்கு? பெல்ட்டப் பாத்ததுமே நெனச்சேன். எனக்கு ஒண்ணுமில்லீங்க. எங்கூட்டுக்காரர்தான் உள்ள இருக்காரு. வலது முழங்கை. கரண்டு வெக்கறாங்க. அவரு வெளிய வந்தப்பறம்தான் உங்களக் கூப்புடுவாங்க, அதனால சாவகாசமா சாஞ்சுக்கங்க.

கீழ விழுந்துட்டாரான்னு எல்லாருந்தான் கேக்கறாங்க. விழுந்திருந்தாக்கூட சொல்றதுக்கு நல்லா இருந்திருக்கும். வண்டியில இருந்து விழுந்துட்டாருன்னா நாலு பேரு பழம் வாங்கிட்டு வந்து பாப்பாங்க. இவருக்கு ஷட்டில் வெளையாண்டு வந்ததுங்க. அம்பத்தி நாலு வயசு ஆளு, ஈ.பி. ஆபீசுல கணக்குப் பாக்கறவரு, காலங்காத்தால அரைடவுசர் போட்டுட்டு கோபி கிளப்புக்குப் போயி குதிச்சுக் குதிச்சு அடிச்சா என்ன ஆகும்? ஆனா டாக்டரம்மா வெளையாட்டு மட்டும் காரணமில்லைங்கறாங்க. பேட்ட எப்படிப் புடிக்கறாரு, பேட்டோட புடி எத்தன தடிமன்னு என்னென்னவோ கேக்கறாங்க. அந்தப் புடியப் பத்திப் பேச்செடுத்தாலே எனக்கு ஒடம்பு கூசுதுங்க.

ஏன்னா அந்தப் புடிக்காக எங்கூட்டுக்காரர் கடைக்கு ஒரு லெட்டர் எழுதுனாரு. ரிஜிஸ்டர் தபால்ல. கடை யாரோடதுன்னா எங்கண்ணனோடது. கூடப் பொறந்த அண்ணன், கொழந்தவேலு, ஈரோட்டுல வெளையாட்டுச் சாமான் கடை வெச்சிருக்கறாரு. மச்சான் கடைக்கு மாப்பிள்ள ரிஜிஸ்டர் தபால்ல புகார் எழுதுன கதைய நீங்க எங்கியாவது கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல. எனக்குத்தான் அது வாச்சுது.

நடந்தது என்னன்னா, இவரோட பழைய பேட்டு போன ஆடி மாசம் ஒடஞ்சு போச்சுங்க. ரெட்டையர் ஆட்டத்துல ரெண்டு பேரும் ஒரே பந்துக்குக் கைய வீசுனா பேட்டும் பேட்டும் மோதிக்குமாம். மோதி, தலப்பக்கம் விரிசல் விட்டுருச்சு. செரி, அண்ணன் கடை இருக்கறப்ப வெளிய போறது நல்லா இருக்காதுன்னு நாந்தான் சொன்னேன். அண்ணன் அப்பத்தான் சொந்தப் பேருல பேட்டு போட ஆரம்பிச்சிருந்தாரு. வடக்க இருந்து மொட்டையா வரும், பேரு ஒண்ணும் இருக்காது. இங்க இவரு கடப் பேர அச்சடிச்சு, எடை என்ன, புடி என்னன்னு சின்ன ஸ்டிக்கரா புடிக்கு மேல ஒட்டி விப்பாரு. பாக்க கம்பெனி பேட்டாட்டவே இருக்கும். எங்கூட்டுக்காரரும் போயி, எனக்கு ஜி நாலு வேணும் மச்சான்னு கேட்டு வாங்கிட்டு வந்தாரு.

அதென்ன ஜி நாலுன்னா, புடியோட சுத்தளவுங்க. இவரு எனக்கு எத்தனையோ தடவ சொல்லி எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. ஜி நாலுன்னா மூணு இஞ்சி மூணு நூலு. ஜி அஞ்சுன்னா மூணு இஞ்சி ரெண்டு நூலு, மூணேகால். நூலுன்னா தெரியுமல்லங்க, இஞ்சியில எட்டுல ஒரு பங்கு. ஷட்டில்ல நம்பரு ஏற ஏறப் புடி மெலிஞ்சுக்கிட்டே போகுமாம். எவன் கண்டுபுடிச்சானோ, எல்லா ஊர்லயும் நம்பரு ஏறுனா சாமானும் பெருசாகும், இவங்களுக்கு மட்டும் தலகீழு. இவரு கை பெருசுங்க. வெரலெல்லாம் நீட்டு நீட்டா இருக்கும். அதனால தடிப்பு ஜி நாலுதான் இவருக்கு வாகு.

வாங்கிட்டு வந்த மறுநாளே ஆரம்பிச்சுட்டாரு. அம்சா, இது கைக்குள்ள சுத்துது. வேகமா அடிக்கறப்ப புடி திரும்பிக்குது. நான் இறுக்கிப் புடிக்க வேண்டியதா இருக்குது, வெரல் நுனி வந்து உள்ளங்கைய இடிக்குது. நான் அப்ப ஒரு ரவிக்கைக்குக் கை வெச்சுட்டு இருந்தேன். தையல்காரிங்க நானு, வீட்டுலயே மெஷின் போட்டிருக்கறேன். புது சாமான்னா அப்படித்தாங்க இருக்கும், பழகுனா செரியாயிரும்னு சொல்லீட்டு வேலையப் பாத்தேன்.

பழகலீங்க. ஒரு நாளு சமையக்கட்டுல இருந்து வந்து பாக்கறேன், கூடத்துல பழைய பேட்டையும் புதுப் பேட்டையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சு, நியூஸ்பேப்பர் ஓரத்த ரிப்பனாட்டம் கிழிச்சு, புடியச் சுத்தி, பேனாவுல கோடு போட்டு, ஸ்கேல்ல வெச்சு அளந்துட்டு இருக்காரு. பழசு எட்டு புள்ளி ஆறு சென்டிமீட்டராம். புதுசு எட்டு புள்ளி மூணாம். பாத்தியா, ஸ்டிக்கருல நாலுன்னு போட்டிருக்குது, உள்ள இருக்கறது அஞ்சுங்கறாரு. மூணு மில்லிமீட்டருக்கு ஒரு மனுசன் இப்படி மண்டி போட்டு உக்காருவானா? எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

இந்த ஷட்டில் ஆடறவங்க புடி மேல ஒரு பசப்பசன்னு டேப்பு மாதிரி சுத்துவாங்க பாருங்க, வேர்வைக்கு. அதுல இன்னொரு சுத்துச் சுத்துனா ஒரு நூலு ஏறிக்கும். அதச் செஞ்சா போச்சு. இவரும் செஞ்சாரு. செஞ்சதுக்கப்பறம் புடி வாகா இருந்துச்சுங்க, அத மறைக்கக் கூடாது. கையும் வலிக்கல. ஆனா அதுலயும் ஒரு கொற. கூட ஒரு சுத்துச் சுத்துனா அடிப்பக்கம் கனம் ஏறி, தல லேசாத் தெரியுதாம். புடி எட்டுப் பட்டையா இருக்கறது மழுங்கி உருண்டை ஆயிருதாம், பேட்டு எந்தப் பக்கம் திரும்பி இருக்குதுன்னு கைக்குத் தெரியறதில்லையாம். அதெல்லாம் கூடப் பரவால்லைம்மா, நான் சமாளிச்சுக்குவேன், ஆனா போட்டிருக்கற அளவு தப்புன்னா கடைக்காரங்களுக்குத் தெரியணுமல்லன்னாரு.

செரி, போன் போட்டு அண்ணன்கிட்ட சொல்லுங்கன்னேன். அதுக்கு இவரு சொன்னது எனக்கு அப்பப் புரியலீங்க. போன்ல சொன்னா மாப்பிள்ள கொற சொல்றாருன்னு ஆகும், உன்ர அண்ணன் சங்கடப்படுவாரு, காசத் திருப்பிக் குடுப்பாரு, நாளைக்கு உனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு மனத்தாங்கல். கடைக்கு எழுதுனா அது கடை விசயம். வாங்குனவன் வித்தவனுக்கு எழுதறான், அவ்வளவுதான்னாரு. எங்க பக்கம் உங்களுக்குத் தெரியுமே, பொண்ணு குடுத்த வீட்டுல மாப்பிள்ள வாயத் தொறந்து ஒரு சாமான் செரியில்லைன்னா அது எங்க போயி நிக்கும்னு. அதுக்குப் பயந்துதான் தபால்ல எழுதியிருக்கறாரு. இதையெல்லாம் இப்ப உங்களுக்குச் சொல்றேன். அன்னிக்கு எனக்குத் தோணுனது ஒண்ணே ஒண்ணுதான். இந்த மனுசன் எங்க வீட்டு மானத்த வாங்கறாரு.

லெட்டர நான் படிச்சேன். மதிப்பிற்குரிய கடை உரிமையாளர் அவர்களுக்குன்னு ஆரம்பிச்சிருந்தாரு. மச்சான்னு ஒரு எழுத்து கெடையாது. இந்தத் தேதியில் தங்கள் கடையில் வாங்கின மட்டையில் ஜி நாலு என்று ஒட்டியிருக்கிறது, அளந்ததில் ஜி அஞ்சாகத் தெரிகிறது, நான் அளந்தது காகிதத் துண்டு வைத்து, அதில் பிழை இருக்கலாம், தாங்கள் சரியான டேப் வைத்து மத்த மட்டைகளையும் ஒரு தரம் அளந்து பார்க்க வேணும், எனக்குப் பணமோ வேறு மட்டையோ வேண்டியதில்லை, மெல்லிசுப் பிடி கேட்டவர்களுக்குத் தடிப்பு போயிருந்தால் அவர்களுக்குக் கை நோகும் என்று கவலையாக இருக்கிறதுன்னு முடிச்சு, கீழ இப்படிக்கு, தெய்வசிகாமணி, வாடிக்கையாளர்னு கையெழுத்து. வாடிக்கையாளர். எங்கண்ணன் மடியில என்ர மகனுக்குக் காது குத்துன வீடுங்க அது. எனக்கு அழுகையே வந்துருச்சு. வேண்டாங்கன்னு கெஞ்சுனேன். போஸ்ட் பண்ணீட்டாரு.

பதில் வரல. அதுக்கப்பறந்தான் தர்ஷினிக்கு நிச்சயதார்த்தம் வந்துச்சு. தர்ஷினி எங்கண்ணன் மக, ஒரே பொண்ணு. அவளும் காலேஜுல ஷட்டில் ஆடுவா. நாங்க ரெண்டு பேரும் போயிருந்தோம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க கெளம்புனதுக்கப்பறம் எங்க சொந்தமெல்லாம் பந்தியில உக்காந்தாங்க. இவருக்கு அண்ணனே எலை போட்டு, மாப்ள மாப்ளன்னு கூப்புட்டுப் பரிமாறுனாரு. அப்பாடா, ஒண்ணும் மனசுல வெச்சுக்கலன்னு எனக்கு உசுரு வந்துச்சு. ரசம் ஊத்தறப்ப பாருங்க, அண்ணன் சட்டப் பையில இருந்து அந்த லெட்டர எடுத்தாரு.

எல்லாரும் கேளுங்க, எங்க மாப்ள எனக்கு எழுதுன காதல் கடுதாசின்னு சொல்லீட்டுப் படிக்க ஆரம்பிச்சாருங்க. மதிப்பிற்குரிய கடை உரிமையாளர் அவர்களுக்கு. பந்தியே சிரிக்குது. எட்டு புள்ளி மூணு சென்டிமீட்டர்னு படிச்சப்ப சித்தப்பா ஒருத்தருக்குப் பொரையேறிருச்சு. மாப்ள, அந்த மூணு மில்லிய எலையில வெச்சுக் குடுத்தறட்டுங்களான்னு இன்னொருத்தரு. மாமன் மச்சான் கேலிங்க, அதுக்குக் கோவிச்சுக்கவும் முடியாது. கோவிச்சுக்கிட்டா கேலி தெரியாத ஆளும்பாங்க. இவரு தல நிமிரல. ரசஞ்சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு.

நானும் சிரிச்சேங்க. எல்லாரும் என்ர மூஞ்சியப் பாக்கறாங்க, நான் மட்டும் உம்முன்னு நிக்க முடியுமா? பொறந்த வீட்டு விசேஷம். சிரிக்கலன்னா அவளுக்குக் கோவம், புருசனுக்குப் பரிஞ்சுக்கிட்டான்னு ஆயிரும். அதனால சிரிச்சேன். வீட்டுலயும் இப்படித்தான், பேப்பர் கிழிச்சு மண்டி போட்டு அளக்கறாருன்னு நானே ஒண்ணு எடுத்து விட்டேன். அதுக்குத்தான் பெரிய சிரிப்பு. அப்ப இவரு என்னைய ஒரு பார்வ பாத்தாரு. கோவமில்லைங்க. தெரியாத ஊர்ல பஸ்ஸ விட்டு எறங்குனவங்க பாப்பாங்கல்ல, அப்படி. பாத்துட்டு எலைய மூடிட்டு எந்திருச்சுக் கை கழுவப் போயிட்டாரு. பாயசம் வாங்கல. பாயசம்னா உசுரு அவருக்கு.

வீட்டுக்கு வர்ற வழியில நானே கேட்டேன், சங்கடங்களான்னு. அதுக்கென்னம்மா, கேலிதானேன்னுட்டாரு. நாலு வசவு வெச்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.

எனக்கு ஒரு முடிவு கட்டணும்னு ஆயிருச்சுங்க. கல்யாணம் தை மாசம். அதுக்குள்ள இந்தப் புடி விவகாரம் தீரலன்னா இவரு அந்த வீட்டு வாசல்ல எப்படிக் கால் வெப்பாரு? அத்தை மாமன் நின்னு நடத்தற கல்யாணம். அதனால ஒரு நாளு அந்தப் பேட்ட எடுத்து, அவரு சுத்தியிருந்த ரெண்டாஞ்சுத்த உரிச்சுட்டு, கடையில வந்த மேனிக்கு ஆக்கி, என்ர தையல் டேப்பையும் பையில போட்டுக்கிட்டு ஈரோட்டுக்குக் கெளம்புனேன். இவருகிட்டயும் சொன்னேன். நானே உங்க மச்சான் முன்னால அளந்து பாத்துட்டு வர்றேன், நான் அளந்தா நம்புவீங்கல்லன்னேன். சந்தோசமா நம்புவேம்மா, உனக்கு அளவு தப்பாதுன்னாரு. ஊர்ல என்னையப் பத்தி அவரு அப்படித்தாங்க சொல்லீட்டுத் திரிவாரு. என்ர சம்சாரம் கண்ணாலயே ஒரு நூலு சொல்லிருவான்னு.

எனக்குச் சத்தியமா சந்தேகமே இல்லீங்க. ஜி நாலுதான் இருக்கும், அளந்து, பாருங்க எங்கண்ணன் தப்புப் பண்ணலன்னு வந்து சொல்லோணும்னுதான் போனேன். அண்ணன் வீட்டுல சாப்புட்டுட்டு உக்காந்திருந்தாரு. தர்ஷினியும் இருந்தா. பேட்ட மடியில வெச்சு, புடிக்கு நடுவுல டேப்பச் சுத்துனேன். மூணேகால்.

இறுக்கிட்டமோன்னு விட்டுப் புடிச்சேன். மூணேகால். மேல கொஞ்சம், கீழ கொஞ்சம் தள்ளிப் பாத்தேன். டேப்ப லூசாத் தொங்க விட்டாக்கூட மூணு நூலுக்குப் போக மாட்டேங்குது. ரவிக்கை கைக்குழியில ஒரு நூலு எறக்கிட்டா நானே பிரிச்சுத் தைக்கற ஆளு. ஒரு நூலுதானே அக்கான்னு சொன்ன பொண்ணுகள, அந்த ஒரு நூலுதான் கையத் தூக்கறப்ப புடிக்கும்னு வெரட்டியிருக்கறேன். என்ர கையில இருக்கற டேப்பு எனக்கே பொய் சொல்லுமா?

அண்ணன் மூஞ்சி செத்துப் போச்சு. தர்ஷினி ஓடிப்போயி அவ பேட்ட எடுத்துட்டு வந்தா. அதுல ஜி அஞ்சுன்னு ஸ்டிக்கரு. அவளுது குட்டிக் கைங்க, மெல்லிசு புடிதான் வேணும்னு அப்பங்காரன் கொண்டு வந்து குடுத்தது. அளந்தேன். மூணு இஞ்சி மூணு நூலு. அப்படியே மாறிக் கெடக்குது. அந்தப் புள்ள ரெண்டு மாசமா மணிக்கட்டு வலிக்குதுப்பான்னு க்ரேப் கட்டு போட்டுக்கிட்டு ஆடிட்டு இருந்துச்சு. அண்ணன் என்னடான்னா நீ ஒழுங்கா பிராக்டீஸ் பண்றதில்ல, போனத் தூக்கிட்டே உக்காந்திருக்கறேன்னு அவளைத்தான் திட்டிட்டு இருந்தாரு.

அப்பத்தான் அண்ணன் சொன்னாரு. அவரு சின்ன வயசுல கோயமுத்தூர்ல ஒரு டென்னிஸ் கிளப்புல பேட்டுக்கு நரம்பு கட்டிட்டு இருந்தவருங்க. டென்னிஸ்ல நம்பரு ஏறுனா புடி தடிக்குமாம். ரெண்டு மெல்லிசு, மூணு தடிப்பு. அந்தப் பழக்கம் கையில ஊறிப் போச்சு. வடக்க இருந்து வந்த பெட்டியில நம்பரு இல்ல, மூணேகால், மூணு இஞ்சி மூணு நூலுன்னு இஞ்சியிலதான் போட்டிருந்துச்சு. சின்னதுக்குச் சின்ன நம்பரு, பெருசுக்குப் பெரிய நம்பருன்னு கண்ண மூடிட்டு ஒட்டீட்டாரு. ஒரு பேட்டு ரெண்டு பேட்டு இல்ல, வந்த சரக்கு பூராவும். பாதி வித்துப் போச்சு. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போயிருக்குது.

இவரு லெட்டர் வந்த அன்னிக்கே பெட்டியப் பாத்து அண்ணனுக்கு வெளங்கிருச்சாம். மக கையில இருக்கறதும் அதே சரக்குதான்னு மட்டும் தோணவே இல்லையாம். நீங்க இதக் கவனிங்க. வெளங்குனதுக்கப்பறந்தான் பந்தியில படிச்சது. தப்பை ஒத்துக்கறதுக்கு முன்னால ஊரே சிரிச்சுட்டா அப்பறம் யாரும் அத நம்ப மாட்டாங்கன்னு ஒரு கணக்கு. அப்படி அவரு சொல்லலீங்க. ஒரு கலகலப்புக்குப் படிச்சேன்னுதான் சொன்னாரு. கணக்கு நான் போட்டது.

எனக்கு அப்ப அண்ணன் மேல கோவம் வரலீங்க. பாவமா இருந்துச்சு. கல்யாணச் செலவு, கடை வாடக, இந்த நேரத்துல சரக்கு பூராவும் திரும்பி வந்தா? அம்சா, மாப்ளகிட்ட இப்ப சொல்லாதே, அவரு நேர்மையான ஆளு, கிளப்புல சொல்லாம இருக்க மாட்டாரு, கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமா ஒவ்வொண்ணா மாத்திக்கறேன்னு என்ர கையப் புடிச்சாரு. அண்ணி அங்க நின்னு கண்ணத் தொடைக்கறாங்க. நான் என்ன பண்ணுவேன்? செரீங்கண்ணான்னேன். தர்ஷினி மட்டும் கேட்டா. "அப்ப மாமா சொன்னது செரிதானே அத்தை?" பெரியவங்க பேசறப்ப உள்ள போ சாமின்னு அனுப்பிச்சுட்டேன்.

இப்ப தர்ஷினிக்குக் கை நல்லாயிருச்சுங்க. மறுநாளே அண்ணன் அவளுக்கு வேற பேட்டு மாத்திக் குடுத்துட்டாரு. போன வாரம் போட்டியில ஜெயிச்சிருக்கறா. ஒரு நூலு என்ன வேல பண்ணுது பாருங்க. நான் அதக் கேட்டு எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுங்களா? ஆமாங்க, இவரு கையப் பத்தித்தான் பேசிட்டு இருந்தோம். வர்றேன்.

வீட்டுக்கு வந்தேன். இவரு வாசல்லயே நின்னுட்டு இருந்தாரு. என்னம்மா ஆச்சுன்னாரு. நான் செருப்ப அவுக்கறதுக்குக் குனிஞ்சுக்கிட்டு, செரியாத்தான் இருக்குதுங்கன்னேன். நிமிந்து சொல்லலீங்க. ஜி நாலுதானான்னாரு. ஆமாங்கன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. பொய்யின்னு அத எப்படிங்க சொல்றது, கல்யாணம் முடியற வரைக்கும் ஒரு பேச்சு.

நான் நெனச்சது, இவரு கூட ஒரு சுத்துச் சுத்திக்கிட்டு எப்பவும்போல ஆடிக்குவாரு, யாருக்கும் ஒண்ணுங் கொறையாதுன்னு. ஆனா நான் சொன்னத இவரு அப்படியே நம்பிட்டாருங்க. அளவு செரியா இருக்குதுன்னா தப்பு என்ர புடியிலதான், இத்தன வருசமா ஆடியும் எனக்குப் பேட்டுப் புடிக்கத் தெரியலன்னாரு. நான் உரிச்சுட்டுப் போன ரெண்டாஞ்சுத்தத் திரும்பச் சுத்தவே இல்ல. செரியான புடி மேல இன்னும் சுத்துனா தடிச்சுருமல்லன்னாரு. மெல்லிசுப் புடியில வெச்சு இறுக்கி இறுக்கி அடிச்சிருக்கறாரு. தீவாளிக்கு முன்னால முழங்கையில வெளிப்பக்கம் சுருக்குன்னுச்சு. அப்பறம் தண்ணிச் சொம்பு தூக்க முடியல. இப்ப சட்டப் பொத்தான நாந்தான் போட்டு விடறேன். அப்பவும் வாயத் தொறக்கலீங்க நானு.

போன தடவ இங்க வந்தப்ப டாக்டரம்மா கேட்டாங்க. உங்க கைக்குப் புடி சின்னதா இருந்தா இறுக்கிப் புடிப்பீங்க, அதுலயும் இந்த வலி வரும், பேட்டு புடி என்ன அளவுன்னாங்க. இவரு என்னையத் திரும்பிப் பாத்துட்டு, பெருமையாச் சொல்றாரு. "ஜி நாலுதாங்க மேடம். எனக்குந்தான் சந்தேகம் இருந்துச்சு. என்ர சம்சாரம் டெய்லருங்க, அவளே அளந்து பாத்துட்டா." அப்ப புடி காரணமில்ல, வயசுதான், ஆட்டத்த நிறுத்திருங்கன்னுட்டாங்க அந்தம்மா. கொஞ்ச நாளைக்கான்னு கேட்டாரு. இல்லீங்கய்யா, மொத்தமா விட்டுட்டா நல்லதுன்னாங்க. தலைய ஆட்டிக்கிட்டாரு. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பழகுன ஆளுங்க. இப்பவும் எந்திரிக்கறாரு. எந்திரிச்சு, திண்டாடிக்கிட்டு வீட்டுக்குள்ளயே நடக்கறாரு. ஷூவத் தொடச்சு வெக்கறாரு.

எனக்கு வெக்கமா இருக்குதுங்க. அவரு மூஞ்சியப் பாத்துச் சோறு போட முடியல. மொதல்ல அவரால வெக்கம்னு நெனச்சேன், அப்பறம் அண்ணனால வெக்கம்னு நெனச்சேன்.

இந்தக் கவரத்தானே அப்ப இருந்து பாக்கறீங்க? நானும் மடிச்சு மடிச்சு மொனைய நசுக்கிட்டேன். இதுவும் அவரு எழுதுனதுதான். அந்தக் கடைக்கே. ராத்திரி எடது கையில எழுதியிருக்கறாரு, எழுத்து கோணக்கோணன்னு கெடக்குது. படிச்சுப் பாத்து ஒட்டும்மான்னு குடுத்தாரு. மதிப்பிற்குரிய கடை உரிமையாளர் அவர்களுக்கு. முந்தின கடிதத்தில் தங்கள் மட்டையின் அளவைத் தவறென்று எழுதிவிட்டேன். என் மனைவி நேரில் அளந்து பார்த்ததில் அளவு சரி என்று தெரிந்தது. அவளுக்கு அளவு தப்பாது. ஒரு கடையின் பேருக்குக் களங்கம் வரும்படி அவசரப்பட்டு எழுதினதுக்கு வெட்கப்படுகிறேன், மன்னிக்க வேணும். வாடிக்கையாளர்.

வெட்கப்படுகிறேன்னு எழுதியிருக்கறாருங்க. அவரு. இன்னிக்கு எதுக்க போஸ்ட் ஆபீசுல ரிஜிஸ்டர் பண்ணீட்டுத்தான் வீட்டுக்குங்கறாரு. அண்ணன் இதையும் பத்தரமா வெச்சிருந்து கல்யாணப் பந்தியில படிப்பாரு. படிக்க மாட்டாருங்கறீங்களா? உங்களுக்கு எங்கண்ணனத் தெரியாது. எல்லாரும் சிரிப்பாங்க, மாப்ள வழிக்கு வந்துட்டாருன்னு. இவரு எலையப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. நான் எங்கீங்க நிப்பேன்?

இல்ல, நீங்க சொல்றது செரிதான். நேத்தே சொல்லியிருக்கோணும். அன்னிக்கு வாசல்லயே சொல்லியிருக்கோணும். சொன்னா அவரு வையமாட்டாருங்க, அதுதான் பயம். அப்படியாம்மான்னு கேட்டுட்டு என்னைய அந்தப் பார்வ பாப்பாரு.

கதவு தொறக்குது. உங்களக் கூப்புடறாங்க, போங்க. இல்ல, ஒரு நிமிசம் இருங்க, நீங்க கூட இருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்.

ஏனுங்க, வாங்க. வலி எப்படி இருக்குதுங்க? கவரா, இருக்குதுங்க, என்ர கையிலதான் இருக்குது. போஸ்ட் ஆபீசு இருக்கட்டும். இங்க உக்காருங்க. இல்லீங்க, உக்காருங்க மொதல்ல. இவங்க இருக்கட்டும், இவங்களுக்கு எல்லாம் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. அன்னிக்கு ஈரோட்டுல டேப்பு மூணேகால்ல நின்னுச்சுங்க. மூணு நூலு இல்லீங்க, ரெண்டு நூலுதான்.